பத்துத் தாளும் ஒரு தட்டும்

ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டு போகிறவர் 5,000 ரூபாயை ரொக்கமாகப் பந்தயம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஏடிஎம்மில் எடுத்து, பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி அடுத்தவன் கையில் வைக்க வேண்டும்; பாதி எண்ணும்போதே வீட்டு வாடகை ஞாபகம் வந்து தொலைக்கும். சூதாட்டச் செயலி இப்படியெல்லாம் மனம் நோகவிடாது. ஒரு தட்டில் பணம் அதன் ‘வாலட்’டுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு கட்டுவதெல்லாம் ஏற்கெனவே கையைவிட்டுப் போன காசு. வலி ஒரு தடவை, தோல்வி பல தடவை. பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட சோதனையில், கூடைப்பந்து டிக்கெட் ஏலத்தில் கிரெடிட் கார்டுக்காரர்கள் ரொக்கக்காரர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். டிக்கெட் ஒன்றுதான், தாளை எண்ணும் வேலைதான் இல்லை.

ரொக்கக் காலத்தில் லாட்டரி குடும்பங்களை அழிக்கவில்லையா என்று கேட்கலாம். அழித்தது, அதனால்தான் 2003இல் தமிழ்நாடு அதைத் தடை செய்தது. ஆனால் லாட்டரிக் கடைக்காரர் ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுத் தூங்கப் போவார்; செயலி தூங்காது. கணக்கு விவரம் எல்லாம் செயலியிலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, தோற்றவர் விரும்பித் திறந்தால்தான் தெரியும் பக்கத்தில். தமிழ்நாடு 2025இல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பண விளையாட்டுக்குப் பூட்டுப் போட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் ஆட்டத்தோடு, அதற்குப் பணம் அனுப்பித் தரும் வங்கிகளையும் தடைக்குள் சேர்த்தது.