சங்கு ஊதாத காலத்தில் பத்து நிமிடத் தாமதம்

கோயம்புத்தூரில் மில் சங்கு ஊதிய காலத்தில் வளர்ந்தவர்களுக்கு நேரம் என்பது காதால் அறிந்த ஒன்று. முதல் ஷிப்ட்டுக்குச் சங்கு ஊதினால் தெருவில் சைக்கிள்கள் வேகமெடுக்கும், அடுப்படியில் தூக்குப்போசி மூடப்படும், மில் வாசலில் டைம் கீப்பர் டோக்கன் பலகைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பித்தளை டோக்கனை எடுத்துப் பெட்டியில் போட்டால் வந்ததாகக் கணக்கு. பலகையில் டோக்கன் தொங்கிக்கொண்டே இருந்தால் வரவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படியொரு டோக்கன் எண்ணை மனப்பாடமாகச் சொல்லும் அப்பாவோ சித்தப்பாவோ இருந்திருக்கலாம்.

நான் அந்தக் காலத்தின் ஓரத்தில், மில்களுக்குப் படிவங்களும் நிலையாணைகளும் அச்சடித்துக் கொடுத்த ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவனாகச் சேர்ந்தேன். நிலையாணைகள் என்றால் 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலை நிர்வாகம் எழுதி, தொழிலாளர் தரப்பு பார்த்து, அதிகாரி சான்றளித்த விதிகள். எத்தனை மணிக்கு வரவேண்டும், லீவை யாரிடம் கேட்கவேண்டும், லீவு முடிந்தும் வராதவர் எத்தனை நாளுக்குள் திரும்பினால் வேலை தங்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் வாசலருகே ஒட்டவேண்டும் என்றது அந்தச் சட்டம். அதனால் தமிழ்ப் படி எங்களிடம் வரும். புரூஃப் பார்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும்; ஒருவர் மூலப்படியை உரக்க வாசிப்பார், மற்றவர் மை காயாத காலி புரூஃபில் விரல் வைத்துத் தொடர்வார். அப்படி வாசித்துக்கொண்டே போகும்போது எனக்கு வாசித்துக் கொடுத்த பையன் நடுவில் நிறுத்துவான்: "ஏனுங்கண்ணா, லீவு முடிஞ்சு எட்டு நாளுக்குள்ள வரோணும்னு முன்னால படிச்சமே, இங்க பத்துன்னு இருக்குதுங்களே?" காதில் விழுந்த எண் காதிலேயே தங்கியிருக்கும். மத்திய அரசின் மாதிரி நிலையாணைகளில் அது எட்டு நாள். மூலத்தைப் புரட்டிப் பார்த்து, ஒரு கேள்விக்குறி போட்டு, தேநீருக்குச் சொல்லிவிட்டு உட்கார்வோம். அந்தச் சின்ன வெற்றியின் சுகம் தேநீருக்கு முன்பே வந்துவிடும்.

ஆனால் அன்றைக்கு அப்படிப்பட்ட முரண் அபூர்வம். சான்றளித்த நிலையாணையை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டாலொழிய, ஆறு மாதத்துக்கு மாற்ற முடியாது. அதற்குப் பிறகும் மனு, நோட்டீஸ், விசாரணை என்று நடந்தாகவேண்டும். மாற்றம் மெதுவாக வந்தது. வந்தால் முழு ஆணையையும் எடுத்துவைத்துப் பேசினார்கள்.

இன்று என் மேசைக்கு வருவது பி.டி.எஃப். சமீபத்தில் வந்தது ஒரு சேவை நிறுவனத்தின் பணியாளர் கையேடு. சில ஆண்டுகளில் பல தடவை கொள்கை மாறி, ஒவ்வொரு தடவையும் ஒரு மின்னஞ்சல் சுற்றறிக்கை போய், அதை யாரோ ஒருவர் பொருத்தமென்று நினைத்த அத்தியாயத்தில் செருகி வளர்ந்த கையேடு அது. அறை அறையாக இழுத்துக் கட்டிய பழைய வீட்டில் ஒரு கதவைத் திறந்தால் சுவர் நிற்குமே, அந்த மாதிரி. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. வரிசையாகப் படித்தால் எல்லா அத்தியாயமும் நியாயமாகவே இருந்தது. விடுப்பு விதிகளில் முரண்கள் இப்படித்தான் ஒளிந்திருக்கும். ஒரு வரிக்குள் இருக்கமாட்டா, நாற்பது பக்கம் தள்ளியிருக்கும் இரண்டு வரிகளுக்கு இடையில் இருக்கும்.

அதனால் நான் கையேட்டைப் படிப்பதோடு நிறுத்துவதில்லை, ஒரு கற்பனைப் பணியாளரை அதற்குள் நடக்கவிடுகிறேன். ஒரு திங்கட்கிழமை காலை அவர் 10.05க்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அத்தியாயத்தின்படி அலுவலகம் 9.30க்கு, சலுகை பத்து நிமிடம், ஆகவே தாமதம். மாதத்தில் மூன்று தாமதம் சேர்ந்தால் அரை நாள் சி.எல். போகும். பின்னால் சேர்ந்த ஐந்தாம் அத்தியாயம், 8.30 முதல் 10.30 வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம், எட்டு மணி நேரம் நிறைந்தால் போதும் என்கிறது. அவர் சாப்பாட்டுக்கு அரை மணி போக மாலை 6.35 வரை இருக்கிறார். ஆகவே குறையே இல்லை. கடைசியில் உள்ள சம்பளப் பிற்சேர்க்கையோ மூன்று தாமதத்துக்கு அரை நாள் சம்பளம் பிடிக்கப்படும் என்கிறது. ஒரே காலைக்கு மூன்று தீர்ப்பு.

அரை நாள் விடுப்புக்கும் அரை நாள் சம்பளத்துக்கும் உள்ள வேறுபாடு சின்னதாகத் தெரியலாம். விடுப்பைக் கழிப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. சம்பளத்தைப் பிடிப்பது சட்டத்தைத் தொடுகிற காரியம். வேலையில் இல்லாத நேரத்துக்கு ஈடான பங்குக்கு மேல் அந்தக் காரணத்துக்காகப் பிடிக்கக்கூடாது என்பது 1936ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடாச் சட்டம் வைத்த நெறி. மூன்று நாள் பதினைந்து நிமிடம் தாமதமானால் மொத்தம் 45 நிமிடம். அரை நாள் என்பது 240 நிமிடம். பிற்சேர்க்கையின் அந்த ஒரு வரி மற்ற அத்தியாயங்களோடு மட்டும் மோதவில்லை.

அதே பணியாளர் அடுத்து ஒரு வெள்ளியும் அதையடுத்து வரும் திங்களும் லீவு கேட்கிறார். ஊரில் கோயில் நோன்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் அத்தியாயத்தில் சாண்ட்விச் விதி இருக்கிறது: இரண்டு லீவுக்கு நடுவில் வரும் விடுமுறையும் லீவாகவே எண்ணப்படும். கேள்வி-பதில் பகுதியிலோ வேலைநாள் மட்டுமே கழிக்கப்படும் என்று இருக்கிறது. முதல் கணக்கில் நான்கு நாள், இரண்டாவதில் இரண்டு. இது அடுத்த விதியையும் இழுக்கிறது. சி.எல். தொடர்ச்சியாக மூன்று நாளைத் தாண்டக்கூடாது. நான்கு என்றால் இ.எல். ஆகிவிடும். இ.எல். பதினைந்து நாளுக்கு முன் கேட்கவேண்டும். நோன்புக்குப் போகிறவர் முன்கூட்டியே கேட்காத குற்றத்தில் வந்து நிற்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் கனிந்துவிடும். சாண்ட்விச் விதி அந்தக் கையேட்டில் வாரத்துக்கு ஆறு நாள் வேலை இருந்த காலத்தில் எழுதப்பட்டது. அப்போது நடுவில் அகப்பட்டது ஒரு ஞாயிறு மட்டும். வாரம் ஐந்து நாளானபோது விதியின் ஓர் எழுத்தும் மாறவில்லை, ஆனால் அதன் வாய்க்குள் சனியும் சேர்ந்து போயிற்று. பத்து நிமிடச் சலுகையோ அதைவிடப் பழைய வாசனை உடையது. சங்கும் டோக்கன் பலகையும் இருந்த உலகத்தில், எல்லாத் தறியும் ஒன்றாக ஓடத் தொடங்கவேண்டிய இடத்தில், பத்து நிமிடத்துக்கு அர்த்தம் இருந்தது. வீட்டிலிருந்தே கணினியைத் திறக்கிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் எந்த ஓட்டத்தையும் நிறுத்துவதில்லை. பல முரண்கள் இப்படி இரண்டு காலங்கள் ஒரே அட்டைக்குள் குடியிருப்பதால் வருகிறவை. இரண்டு விதியும் தத்தம் காலத்தில் சரியாகவே இருந்தவை.

கருவிகள் வளர்ந்துதான் இருக்கின்றன. Ctrl+F அழுத்தினால் '10' வரும் இடமெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து நிற்கிறது. அந்தப் பையனும் நானும் அரை நாள் புரட்டியிருப்போம். ஆனால் அது 'பத்து' என்று எழுத்தில் இருப்பதைக் காட்டாது, 'கால் மணி' என்பதையும் காட்டாது. எண்ணே மாறாமல் பொருள் மாறுவதையும் காட்டாது. மருத்துவச் சான்றுக்கு ஓரிடத்தில் 'இரண்டு நாளுக்கு மேல்' என்றும் இன்னோரிடத்தில் 'மூன்று நாள் அல்லது அதற்கு மேல்' என்றும் இருந்தது. முழு நாளாக எண்ணினால் இரண்டும் ஒன்றே. மூன்றாவது இடத்தில் 'மூன்று நாளுக்கு மேல்'. இதுதான் மோதுகிறது. எல்லையிலேயே நிற்கிற ஆளை, அதாவது சரியாக மூன்று நாள் காய்ச்சலில் படுத்தவரை, அந்த மூன்று வரிக்குள்ளும் அனுப்பிப் பார்த்தால் உடனே தெரியும்.

தேடி மாற்றுகிற வசதியில் ஆபத்தும் இருக்கிறது. 2017இல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 ஆனபோது, எல்லா '12 வார'த்தையும் ஒரே சொடுக்கில் '26' ஆக்கிவிடத் தோன்றும். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உள்ள தாய்க்கு அந்தத் திருத்தத்திலும் 12 வாரம்தான். அந்தப் பன்னிரண்டு பழைய எச்சமல்ல, உயிரோடிருக்கும் விதி. எது எச்சம், எது உயிர் என்று எண்ணைப் பார்த்துச் சொல்லமுடியாது.

ஆகவே நான் ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்கிறேன்: விதி, பக்கம், எண், அது காலண்டர் நாளா வேலைநாளா, யாருக்குப் பொருந்தும், எந்தத் தேதியிலிருந்து. கடைசிக் கட்டம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும். பிறகு ஒவ்வொரு முரணையும் இரண்டு வரியையும் பக்கத்தில் வைத்து, கற்பனைப் பணியாளரின் கணக்கோடு கேள்வியாக எழுதி எச்.ஆருக்கு அனுப்புகிறேன். எது சரி என்று நானே திருத்துவதில்லை. புதியதுதான் செல்லும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தச் சுற்றறிக்கை ஒரு பிரிவினருக்கு மட்டும் போயிருக்கலாம், சட்டம் தரும் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கியும் இருக்கலாம். வருகைப் பதிவு மென்பொருளில் இன்று எந்த விதி ஓடுகிறது என்றும் கேட்கிறேன். மாதக் கடைசியில் சம்பளத்தைத் தீர்மானிப்பது அதுதான்.

இந்தக் கையேடு பற்றி எச்.ஆர். பெண் தொலைபேசியில் அழைத்தார். "சார், நீங்க சொன்னப்புறம்தான் பார்த்தோம், மென்பொருள்ல இன்னும் 9.40தான் இருக்கு" என்றார். நெகிழ்நேரம் வந்த பிறகும் அதற்குத் தகவல் போகவில்லை. தாமத விதியை முழுவதும் நீக்கினார்கள், சாண்ட்விச் விதியையும் எடுத்துவிட்டார்கள். மருத்துவச் சான்று மூன்றாம் நாளிலிருந்து என்று மூன்று இடத்திலும் ஒரே சொற்களில் எழுதினார்கள். நான் கேட்டுக்கொண்டது இன்னும் ஒன்று: இனி வரும் ஒவ்வொரு சுற்றறிக்கையின் அடியிலும், கையேட்டின் எந்தப் பக்கத்து எந்த விதி இதனால் நீங்குகிறது என்று ஒரு வரி இருக்கவேண்டும். அந்த வரியை எழுத உட்காருகிறவர் பழைய விதியைத் தேடிப் படித்தாகவேண்டும். மனுவும் விசாரணையுமாக அன்று மாதக்கணக்கில் நடந்ததில் நல்ல பகுதி அதுவே. அதை மட்டுமாவது நாம் கூட்டிக்கொண்டு வரலாம்.