பின்னணிப் பெருமாள்

எல்லா அலுவலகத்திலும் ஒரு பின்னணிப் பெருமாள் இருப்பார். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. மேலிடத்துக்கு மின்னஞ்சல் எழுதியே சம்பாதித்த பெயர் இது. ஒரகடம் பக்கத்து ஆலை ஒன்றின் நிர்வாக மேலாளரையே எடுத்துக்கொள்வோம். பேருந்து, கேன்டீன், செக்யூரிட்டி மூன்றும் அவர் தலையில். நேரில் பேசினால் நறுக்கென்று நாலே வார்த்தை பேசுவார். எம்.டி.க்கு ஒரு மெயில் எழுத உட்கார்ந்துவிட்டால் மட்டும் அவருக்குள் ஒரு சரித்திர ஆசிரியர் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

மார்ச் 31-ல் பணியாளர் பேருந்து ஒப்பந்தம் முடிகிறது. ஒப்பந்ததாரர் 12 சதவீதம் கூடக் கேட்கிறார். சங்கதி இவ்வளவுதான். பெருமாள் எழுதிய மெயிலின் தலைப்போ 'பேருந்து தொடர்பாக'. முதல் பத்தியில் 2019-ல் பழைய ஒப்பந்ததாரர் எப்படி ஓடிப்போனார் என்ற கதை. இரண்டாவதில் கொரோனாக் காலத்தில் சீட்டுக்கு ஒருவராக ஆள் ஏற்றிய பாடு. 12 சதவீதம் என்ற எண் ஆறாவது பத்தியில், ஒரு நீள வாக்கியத்தின் இடுக்கில் ஒளிந்திருந்தது. கடைசியில், 'தங்கள் மேலான ஆலோசனையை எதிர்நோக்குகிறேன்'. அனுப்பியது எட்டு பேருக்கு.

எம்.டி. அதை விமான நிலையத்தில், செக்யூரிட்டி வரிசையில் நின்றபடி செல்போனில் பார்த்தார். திரையில் தெரிந்த நாலு வரியும் 2019-ஐப் பற்றியவை. 'நோட்டட்' என்று பதில் போட்டார். சரியும் இல்லை, வேண்டாமும் இல்லை. மற்ற ஏழு பேரும் எம்.டி.யே பார்த்துவிட்டார் என்று மெயிலை மூடினார்கள்.

பெருமாளைக் குறை சொல்லிப் பயனில்லை. தான் எந்த வரிசையில் விஷயத்தைத் தெரிந்துகொண்டாரோ, பட்டாரோ, அந்த வரிசையிலேயே எழுதுகிறார். முடிவெடுப்பவருக்கு வேண்டியது தலைகீழ் வரிசை: என்ன கேட்கிறாய், எதற்குள் வேண்டும், எவ்வளவு செலவு, அப்புறம் ஏன். அமெரிக்க ராணுவத்தின் கடிதப் போக்குவரத்து விதி 25-50 முக்கியச் செய்தியை முதலில் வைக்கச் சொல்கிறது. 1940 ஆகஸ்ட் 9-ம் தேதி, பிரிட்டனைக் காக்கும் வான்போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், சர்ச்சில் தன் அமைச்சரவைக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகள் நீளமாக இருக்கின்றன, சுருக்குங்கள், புள்ளிவிவரத்தைப் பின்னிணைப்பில் போடுங்கள் என்பது அதன் சாரம். அங்கேயும் பெருமாள்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்!

'நோட்டட்'டுக்குப் பிறகு அக்கவுண்ட்ஸ் பிரிவின் சீனியர் அம்மா பெருமாளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "சார், மூணு வழி எழுதுங்க. எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பெருமாள் அன்று மாலையே எழுதிக் காட்டினார். வழி அ: பேருந்தை நிறுத்திவிடலாம். வழி ஆ: 12 சதவீதம் கொடுக்கலாம். வழி இ: நாமே பதினோரு பேருந்து வாங்கலாம். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது பெருமாள் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. ஹென்றி கிஸிஞ்சர் 1979-ல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் அதிகாரிகளின் இந்தத் தந்திரத்தைக் கேலி செய்திருக்கிறார்: ஒரு பக்கம் அணுஆயுதப் போர், மறு பக்கம் சரணாகதி, நடுவில் அவர்களுக்குப் பிடித்த வழி. எம்.டி.க்கள் இந்த நடு வழியை முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அந்த ஆள் அடுத்து அனுப்பும் நல்ல மெயிலையும் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள்.

உண்மையான வழி என்றால், புத்தியுள்ள ஒருவர் அதைத் தேர்ந்தெடுக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும். அம்மா கணக்குப் போட்டார். இப்போதைய செலவு வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி. கேட்டதைக் கொடுத்து ஒரு வருஷம் நீட்டினால் 18 லட்சம் கூடும். மூன்று வருஷம் உறுதி கொடுத்தால் இதே ஒப்பந்ததாரர் 7 சதவீதத்துக்கு இறங்கத் தயார். அப்போது முதல் வருஷம் பத்தரை லட்சம்தான் கூடும், பிறகு டீசல் விலையோடு ஏறும் இறங்கும். மூன்றாவது, புது டெண்டர். இன்னொருவர் 1 கோடியே 46 லட்சத்துக்கு வரத் தயார். ஆனால் டெண்டர் முடிய இரண்டு மாதம் ஆகும். அந்த இரண்டு மாதமும் பழையவருக்கு அவர் கேட்ட விலை. அதையும் சேர்த்தால் முதல் வருஷம் சுமார் ஒன்றரைக் கோடி, அதாவது இன்றைய செலவேதான். பெருமாள் சாய்ந்தது மூன்று வருஷ ஒப்பந்தத்தின் பக்கம்.

"அப்ப டெண்டர்தானே மலிவு? நீங்க ஏன் மூணு வருஷம்ங்கறீங்க?" என்று கேட்டார் அம்மா. பெருமாள் யோசிக்காமல் சொன்னார்: "புது ஆள் ராத்திரி ஷிஃப்டுக்கு வண்டி ஓட்டினதே இல்லம்மா. ஒரு ராத்திரி ரெண்டு பஸ் வரலைன்னா லைன் நின்னுடும்."

"அதைத்தான் எழுதுங்க. முதல்ல எழுதுங்க."

இதுதான் பெருமாளுக்கு நடுக்கம் தரும் இடம். பின்னணி எழுதியதற்காக யாரும் மாட்டிக்கொண்டதில்லை. பரிந்துரை எழுதினால் நாளைக்கு 'நீதானே சொன்னாய்' என்பார்கள். அதனால்தான் 'இரண்டிலும் சாதக பாதகங்கள் உள்ளன' என்ற வாக்கியம் நம் அலுவலகங்களில் சாகாவரம் பெற்றிருக்கிறது. தான் சொல்லும் வழி சுமார் பத்து லட்சம் கூடுதல் என்பதை அவரே எழுதிவிட்டால் நிதித் தலைவருக்குக் கேட்கக் கேள்வி மிஞ்சாது. மறைத்தால் அந்த ஒரு கேள்வியிலேயே மெயில் செத்துவிடும்.

எழுதி முடித்ததும் அனுப்பப் போன கையை அம்மா தடுத்தார். நிதித் தலைவரை முதலில் நேரில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். பணம் சம்பந்தப்பட்ட சேதியை அவர் முதன்முதலாக எம்.டி.க்குப் போன மெயிலில் பார்த்தால், எல்லோருக்குமாக ஒரு பதில் போடுவார்; அதற்கு இன்னொருவர் பதில் போடுவார்; மூன்றாம் நாள் பேச்சு பேருந்தை விட்டுவிட்டு கேன்டீன் சாம்பாரில் வந்து நிற்கும். 'பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம்' என்று பெருமாள் சேர்த்திருந்த வரியையும் அடித்தார். கேன்டீன் நாற்காலியின் நிறத்துக்கு அது செல்லும். மூன்று வருஷக் கையெழுத்துக்கு மௌனம் அனுமதி ஆகாது.

கடைசியில் போன மெயில் இது. எம்.டி.யின் பெயர் மட்டும் மேலே, நிதித் தலைவரும் உற்பத்தித் தலைவரும் நகலில்:

தலைப்பு: முடிவு தேவை, மார்ச் 10-க்குள் – பணியாளர் பேருந்து ஒப்பந்தம்

இப்போதைய ஒப்பந்ததாரரோடு மூன்று வருஷ ஒப்பந்தம் போட அனுமதி கேட்கிறேன். முதல் வருஷச் செலவு 1 கோடியே 60.5 லட்சம். மார்ச் 31-க்குப் பிறகு ஒப்பந்தம் இல்லை. 10-ம் தேதிக்குள் முடிவானால்தான் கையெழுத்துக்கு நேரம் இருக்கும்.

அதன் கீழே பின்னணி மூன்று வரி. பிறகு மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் செலவும் ஆபத்தும். டெண்டர் மலிவு என்ற ஒப்புதலும், அதை ஏன் பரிந்துரைக்கவில்லை என்ற காரணமும். 2019-ம் கொரோனாவும் இணைப்பு ஒன்றுக்குக் குடிபெயர்ந்தன. வழித்தட அட்டவணை இணைப்பு இரண்டு.

நாற்பது நிமிடத்தில் எம்.டி. பதில் போட்டார்: 'மூன்று வருஷம் சரி. ஆனால் ஒரு வருஷம் முடிந்ததும் விலகும் உரிமை வேண்டும். பேசிப் பாருங்கள்.' பெருமாள் கேட்காத நிபந்தனை அது. வழிகளும் ஆபத்துகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் எம்.டி.க்கு அது தோன்றியது. ஒப்பந்ததாரர் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

பெருமாளின் முகத்தில் மட்டும் தெளிவில்லை. இணைப்புகளை யாராவது திறந்தார்களா என்று இரண்டு நாள் சுற்றிச் சுற்றி விசாரித்தார். மூன்றாம் நாள் உற்பத்தித் தலைவரிடமிருந்து ஒரு வரி வந்தது: 'இணைப்பு இரண்டில் ஏழாம் நம்பர் வண்டியின் கிலோமீட்டர் தப்பு.' பெருமாள் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அக்கவுண்ட்ஸுக்கு ஓடினார். "பார்த்தீங்களாம்மா, படிச்சிருக்காரு!"