சரியாக 110 காட்டும் சக்கரம்
(கேள்வி - பதில்)

மூன்று லாரிகளுக்கும் டயர் சென்சார் மாட்டினேன். அன்று முதல் என் செல்போன் ஓயாமல் மணி அடிக்கிறது. எதற்கு எழுந்து ஓடுவது, எதற்குத் திரும்பிப் படுப்பது?
*- லாரி உரிமையாளர், திண்டிவனம்*

மூன்றும் 12 சக்கர டாரஸ் என்றால் 36 டயர். வெடிக்கும்போது மட்டும் வாயைத் திறந்தவை எல்லாம் இப்போது பேசக் கற்றுக்கொண்டுவிட்டன. குழந்தை பேச ஆரம்பித்த வீடு மாதிரிதான், கொஞ்ச நாள் சத்தமாக இருக்கும்.

வண்டியை உடனே நிறுத்த வேண்டிய பேச்சு மூன்றே மூன்று. காற்று மளமளவென்று இறங்குவது ஒன்று. டயரின் உண்மையான அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோவது இன்னொன்று. கூடப் போகும் சக்கரங்கள் சாதாரணமாக இருக்க, ஒன்று மட்டும் கொதிப்பது மூன்றாவது. மற்றவை அடுத்த டீக்கடை வரைக்கும் பொறுக்கும், சில அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறுக்கும். இரண்டாவதில் ‘உண்மையான’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறேன். ஆட்கள் ஏமாறுவது அந்த இடத்தில்தான். கீழே விழுப்புரத்துக்காரர் அதைக் கேட்டிருக்கிறார்.

அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மணி அடிக்க வேண்டியது டிரைவரின் கேபினில். உங்கள் செல்லில் அடித்து, நீங்கள் பதறிப்போய் டிரைவரைக் கூப்பிட்டு, அவர் ஸ்டீயரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு “சொல்லுங்க முதலாளி” என்றால், டயரைவிட அந்த போன்தான் ஆபத்து.

காலையில் 110 பவுண்டு அடித்து எடுத்த வண்டி, கத்திரி வெயிலில் மதியம் 122 காட்டுகிறது. வெடித்துவிடுமோ என்று கொஞ்சம் காற்றை இறக்கிவிடுகிறேன். சரிதானே?
*- டிரைவர், விக்கிரவாண்டி*

தப்பு. இறக்கவே கூடாது. திரையில் psi என்று வருவதைத்தான் பஞ்சர் கடையில் பவுண்டு என்கிறோம். டயர் சூடானால் உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் ஏறும். காலையில் 27 டிகிரியில் 110 இருந்த டயர், ஓடி ஓடி 55 டிகிரிக்கு வந்தால் ஏறத்தாழ 122 காட்ட வேண்டும். காட்டாவிட்டால்தான் கவலை. அதற்கும் சேர்த்துத்தான் டயரைச் செய்திருக்கிறார்கள்.

மதியம் 12 பவுண்டு இறக்கினால், மறுநாள் காலை குளிர்ந்த டயரில் 100-க்கும் கீழே நிற்கும். அதன்மேல் முழு லோடு ஏற்றி ஓட்டினால் டயரின் பக்கவாட்டுச் சுவர் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும், முன்பைவிடச் சூடாகும், மறுபடி எண் ஏறும், நீங்கள் மறுபடி இறக்குவீர்கள். வெடிக்கக் கூடாது என்று எடுத்த நடவடிக்கையாலேயே வெடிக்க வைக்கும் முறை இது. எல்லாச் சக்கரமும் ஒன்றாக ஏறினால் அது வெயிலும் ஓட்டமும் செய்யும் வேலை. பேசாமல் ஓட்டுங்கள்.

எங்கள் வண்டியில் அழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறோம். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது அடித்தது. பத்து சதவீதம்தானே, விழுப்புரத்தில் காற்று அடித்துக்கொள்ளலாம் என்றேன். டிரைவர் கேட்காமல் ஓரம் கட்டிவிட்டார். யார் சரி?
*- டிரான்ஸ்போர்ட் மேலாளர், விழுப்புரம்*

டிரைவர் சரி. அவருக்கு இந்த மாதம் பேட்டாவில் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். உங்களுடையது டியூப்லெஸ் ரேடியல், சென்சார் ரிம்முக்குள்ளேயே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் திண்டிவனத்தில் 27 டிகிரியில் 110 அடித்தது. பத்து சதவீதம் குறைந்தால் 99, அங்கே மணி. சென்னை போய் லோடு ஏற்றித் திரும்பும்போது பிற்பகல். பின்பக்க வலது உள் டயர் 99 காட்டுகிறது, வெப்பம் 65 டிகிரி. பக்கத்தில் இருப்பவை 122 காட்டுகின்றன.

அந்த 99 சூட்டில் ஊதிப்போன 99. அதே டயரை நிழலில் நிறுத்தி, காலையில் இருந்த 27 டிகிரிக்கு ஆறவிட்டு அளந்தால் 86-தான் இருக்கும். 110-க்கு 86 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. நீங்கள் பத்து என்று நினைத்தது இருபத்திரண்டு.

ஆக, ஒரே மணிக்கு இரண்டு அர்த்தம். விடியற்காலையில் வண்டி எடுக்கும் முன் அடித்தால் பத்து சதவீதம்தான் குறைவு, காற்று அடித்துக்கொண்டு போகலாம். ஓடிச் சூடான வண்டியில் அடித்தால் எல்லை தாண்டிவிட்டது, நிறுத்த வேண்டும். வெப்பத்தைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடும் சென்சார்களும் கடையில் உண்டு. உங்களுடையது அந்த ரகமா என்று விற்றவரைக் கேளுங்கள். அவர் தலையைச் சொறிந்தால் அந்த ரகமில்லை என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

இன்னொரு வேடிக்கை. மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் அதே டயர் 62 டிகிரியில் 110 காட்டியிருக்கும். திரையைப் பார்த்தவர், “மற்றதெல்லாம் 122-க்கு ஏறிவிட்டது, இது ஒன்றுதான் சரியாக 110-ல் நிற்கிறது” என்று மெச்சியிருப்பார். அதுதான் அன்றைய நோயாளி. ஆறினால் 97 தேறும். அதனால் ஓடும் வண்டியில் எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள், ஜோடி டயரோடு சேர்த்துப் பாருங்கள். ஜோடியைவிட அழுத்தம் குறைவு, சூடு அதிகம் என்றால் மணி அடிக்காவிட்டாலும் அது காற்றை விட்டுக்கொண்டிருக்கிறது.

உள் டயர் என்பதால் இதில் கூடுதல் வில்லங்கம். அது இறங்கினாலும் வண்டி சாயாது, ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியாது. வெளி டயர் இரண்டு பேர் பாரத்தையும் சுமந்துகொண்டு போகும். முதலில் வெடிப்பது பல நேரம் அந்த நல்ல டயர்தான். இரும்புக் கம்பியால் தட்டி ஓசை பார்க்கும் பழக்கம் முழுசாகக் காற்றுப் போன டயரைக் காட்டிக்கொடுக்கும். 86 பவுண்டு டயரோ ‘டங்’ என்று நல்ல பிள்ளையாகவே பதில் சொல்லும்.

சென்சார் சத்தம் போடுது என்று வருகிற லாரிகளுக்குக் காற்று அடித்து அனுப்பிவிடுகிறேன். அவசரத்தில் வருகிறவர்களுக்கு வேறு என்ன செய்வது?
*- பஞ்சர் கடைக்காரர், கூட்டேரிப்பட்டு*

ஐயா, இந்தப் பகுதியில் உங்கள் பதிலைத்தான் கொஞ்சம் கவனமாக எழுதுகிறேன். ஆபத்து முதலில் உங்களுக்கு.

ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காற்றுக் குறைந்து ஓடிய ரேடியல் டயரைக் காற்றே இல்லாமல் ஓடிய டயராகத்தான் டயர்த் தொழிலில் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கச் சுவருக்குள் எஃகு இழைகள் இருக்கின்றன. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதுபோல அவை மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கும். வெளியே கீறல் இருக்காது. நீங்கள் காற்று அடிக்கும்போது பலவீனமான அந்த இடம் ஜிப் திறப்பதுபோல நீளமாகக் கிழிந்து வெடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பிழைப்பது கடினம்.

எனவே முதலில் ஆறவிட்டு, மிச்சக் காற்றையும் முழுதாக இறக்கிவிட்டு, டயரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். ரப்பர்த் தூள் கொட்டிக் கிடந்தாலோ, சுற்றிலும் சுருக்கம் ஓடியிருந்தாலோ, பக்கச் சுவரை அழுத்தும்போது ஓரிடம் மட்டும் தொளதொளவென்று இருந்தாலோ, அந்த டயர் முடிந்தது. நல்லதாகத் தெரிந்தாலும் இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்று அடிக்க வேண்டும். வால்வில் கவ்விக்கொள்ளும் கிளிப்பும் நீளமான ஹோஸும் வாங்கிக்கொள்ளுங்கள். காற்று அடிக்கும்போது பக்கச் சுவருக்கு எதிரே நிற்காதீர்கள். “அண்ணே, சீக்கிரம்” என்பவரிடம் கூண்டைக் காட்டுங்கள், அவசரமிருந்தால் அவர் உள்ளே போகட்டும்.

அழுத்தம் குறையவில்லை. ஆனால் ஒரு சக்கரம் மட்டும் சூடு என்கிறது. சென்சார் பழுதா?
*- கிளீனர், முண்டியம்பாக்கம்*

சக்கரத்தில் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காற்றுக் குறைந்ததால் வரும் சூட்டில் அழுத்தம் ஜோடியைவிடக் கீழே இருக்கும். அழுத்தம் ஜோடிக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்து சூடு மட்டும் ஏறினால், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது பேரிங் போயிருக்கலாம். ஓரம் கட்டி இறங்கிக் கிட்டே போங்கள். டிரம்மில் கை வைக்க வேண்டாம், புறங்கையைத் தள்ளிப் பிடித்தாலே அனல் தெரியும், கருகிய வாசனையும் வரும். புகை வந்தால் தீ அதிக தூரத்தில் இல்லை. அந்த நிலையில் பெட்ரோல் பங்க் பார்த்து ஒதுங்குகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ஒரு விலக்கு. வால்வு மூடிக்குப் பதிலாகத் திருகும் சென்சாராக இருந்தால் அது வெளியே காற்றில் ஆடிக்கொண்டிருப்பது. அது சொல்லும் வெப்பத்தை முழுதாக நம்ப முடியாது, உண்மைச் சூடு அதைவிட அதிகமாக இருக்கும். டியூப் போட்ட டயர்களுக்குப் பெரும்பாலும் அந்த ரகம்தான் மாட்டுகிறார்கள். டியூப் பஞ்சர் ஆனால் காற்றும் வேகமாக இறங்கும், யோசிக்க நேரம் தராது.

‘சிக்னல் இல்லை’ என்று வந்தால்?
*- டிரைவர், ஒலக்கூர்*

சும்மா வந்தால் பேட்டரி, அல்லது யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊர் போய்ச் சேர்ந்து பாருங்கள். ‘காற்று இறங்குகிறது’ என்று சொல்லிவிட்டு அடுத்த நிமிடம் வாயடைத்துப் போனால், அது வெடித்தது என்று எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள்.

இதெல்லாம் சட்டமா, சாங்கியமா?
*- ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலம்*

ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புது லாரிகளுக்கும் டிரெய்லர்களுக்கும் டயர் சென்சார் கட்டாயம். நம் நாட்டில் 2020-ல் வந்த விதி, சென்சாரும் பஞ்சர் கிட்டும் இருந்தால் மூன்றரை டன் வரையான வாகனங்களுக்கு ஸ்டெப்னி வேண்டாம் என்றது. டாரஸ் அந்தக் கணக்கில் வராது.

காற்று வேகமாக இறங்குகிறது என்று மணி அடித்தால் அந்த இடத்திலேயே பிரேக் போட்டுவிடலாமா?
*- புது டிரைவர், விழுப்புரம்*

வேண்டாம். முன் டயர் என்றால் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெதுவாக விடுங்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு இடது ஓரம் ஒதுங்குங்கள். முன் டயரில் இன்னும் ஒரு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. பின் ஜோடியில் ஒன்று என்றால், பார்க்கிங் விளக்கு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஊர்ந்தபடியே, கண்ணுக்கெட்டிய லாரி நிறுத்துமிடம் வரை போகலாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் இரவில் ஓரத்தில் நிற்கும் லாரி பின்னால் வரும் காருக்குத் தெரிவதில்லை, அதையும் எடை போட்டுத்தான் இந்த ஒரு சலுகை. உதவிக்கு 1033.

நின்றதும் வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி ஒளிரும் முக்கோணத்தை வையுங்கள். முக்கோணம் இல்லாமல் கல்லையும் வேப்பங்கிளையையும் வைத்திருந்தால், டயர் மாற்றிக் கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள். பின்னால் பைக்கில் வருகிறவரிடம் சென்சார் கிடையாது.