தொலைப்பதற்குக் கையெழுத்து வேண்டாம்

அரசு அலுவலகத்தில் நினைத்த நேரத்தில் ஒரு தாளைக் கிழித்துப் போட முடியாது. அதற்கு விதி இருக்கிறது. உள்ளபடியே நல்ல விதி.

தமிழக அலுவலகங்களில் ஒரு கோப்பின் வேலை முடிந்ததும் அது எத்தனை வருடம் இருக்க வேண்டும் என்பதையும் முகப்பிலேயே குறித்துவிட வேண்டும். எல்.டிஸ். என்றால் ஓராண்டு. கே.டிஸ். என்றால் மூன்றாண்டு. டி.டிஸ். பத்தாண்டு. ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், யாரும் கை வைக்கக் கூடாது. தமிழில் எழுதுகிறவர்கள் ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு, நிலை முடிவு என்கிறார்கள். கணக்கு தொடங்குவது கோப்பு திறந்த நாளிலிருந்து அல்ல, முடித்த நாளிலிருந்து. காலம் தாண்டியதும் பதிவறை எழுத்தர் பட்டியல் போட வேண்டும். கண்காணிப்பாளர் சரிபார்க்க வேண்டும். அலுவலகத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். அழித்த பிறகு பதிவேட்டில் தேதி ஏற வேண்டும்.

இத்தனை காவல் இருக்கும்போது, தகவல் கேட்டவனுக்கு மட்டும் ஏன் எப்போதும் அந்த ஒரே வரி வருகிறது? "தாங்கள் கோரிய கோப்பு நீண்ட காலத்துக்கு முந்தையது என்பதால் கிடைக்கப்பெறவில்லை."

காரணம் எளிது. அழிப்பதற்குக் கையெழுத்து வேண்டும். தொலைப்பதற்கு வேண்டாம்.

ஏதாவது ஒரு பழைய அலுவலகத்தின் பதிவறைக்குள் போய்ப் பாருங்கள். உள்ளே விட மாட்டார்கள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தாலும் போதும். சிவப்புத் துணியில் கட்டிய மூட்டைகள் உத்தரம் வரை நிற்கும். அவற்றில் பாதி என்னவென்று நினைக்கிறீர்கள்? எப்போதோ ஓய்வு பெற்றுப் போனவரின் தற்செயல் விடுப்பு விண்ணப்பம். அடுத்த செவ்வாய்க்கிழமை ஆய்வுக் கூட்டம் என்ற சுற்றறிக்கை. அந்தச் செவ்வாய் வந்து போய் இருபது வருடம் ஆகியிருக்கும். "இது குறித்து ஏற்கெனவே நினைவூட்டப்பட்டது" என்ற நினைவூட்டு. ஓராண்டில் போக வேண்டிய தாளெல்லாம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

ஏன் அழிக்கவில்லை? அழிக்க வேண்டுமென்றால் ஒருவர் அந்த மூட்டையைப் பிரிக்க வேண்டும். தும்ம வேண்டும். பட்டியல் எழுத வேண்டும். எழுத வேண்டிய பதிவறை எழுத்தர் பணியிடம் காலி. எழுதினாலும் ஒப்புதல் போட வேண்டிய அதிகாரி யோசிக்கிறார். நாளைக்கு ஏதாவது வழக்கு வந்து, இந்தக் கோப்பை அழிக்கச் சொன்னது யார் என்று கேட்டால் தன் கையெழுத்து அங்கே நிற்கும். கையெழுத்து போடாமல் மாறுதலில் போய்விட்டால் ஒரு கேள்வியும் இல்லை. "நம்ம காலத்துல எதுக்கு சார் வம்பு?" என்று அடுத்தவருக்கு விடுகிறார். அடுத்தவரும் அறிவாளிதான்.

குப்பை இப்படித்தான் சாகாவரம் பெறுகிறது. அதற்கு அடியில் நிரந்தரக் கோப்பு நசுங்குகிறது. கரையான் ஓராண்டு, பத்தாண்டு என்று தரம் பார்த்துத் தின்பதில்லை. மழைத்தண்ணீர் ஆர்.டிஸ். முத்திரையைப் பார்த்து ஒதுங்கிப் போவதில்லை. ஒருநாள் அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறும். லாரி வரும். எத்தனை மூட்டை ஏறியது, எத்தனை இறங்கியது என்ற கணக்கு யாரிடமும் இருக்காது. அதற்குப் பிறகு எந்தக் கோப்பைக் கேட்டாலும் பதில் தயார்: "ஆபீஸ் ஷிப்ட் பண்ணினப்போ மிஸ் ஆயிடுச்சு."

சரி, இது சோம்பல். சோம்பலை மன்னித்துவிடலாம். இன்னொன்று இருக்கிறது. அது சோம்பல் அல்ல, சுறுசுறுப்பு.

ஒரு மனைப்பிரிவுக் கோப்பை எடுத்துக்கொள்வோம். ஊர் பெயர் வேண்டாம். உங்கள் ஊரையே வைத்துக்கொள்ளுங்கள். 1996-இல் ஒருவர் வயலைப் பிளாட் போடுகிறார். சாலைகள் போக 12,000 சதுர மீட்டர். 10,000-ஐத் தாண்டினால் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆக 1,200 சதுர மீட்டர். 29 சென்டுக்குச் சற்று மேல். வரைபடத்தில் அந்த இடத்தில் 'பூங்கா' என்று எழுதி ஒப்புதல் தருகிறார்கள். 1998-இல் கோப்பு முடிகிறது.

இந்தக் கோப்புக்கு என்ன முடிவு போட வேண்டும்? பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வரைபடம் இருக்கிறது. பொதுச்சொத்து இருக்கிறது. ஊர் இருக்கும் வரை வேண்டிய காகிதம். நிலை முடிவு. ஆனால் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் கே.டிஸ். என்று எழுதுகிறார். ஓர் எழுத்துதான். 2001 தாண்டினால் கோப்பைச் சட்டப்படியே அழிக்கலாம். பட்டியல் வருகிறது. அதில் நானூறு கோப்பு. நானூறும் மூன்றாண்டு முடிவு. அதிகாரி வரிவரியாகப் படிப்பாரா? கடைசிப் பக்கத்தில் கையெழுத்து போடுகிறார். விதி மீறப்படவில்லை. ஒப்புதல் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, தேதி இருக்கிறது. பூங்கா மட்டும் இல்லை.

பத்து வருடம் கழித்து அந்த 29 சென்டில் கல் நடுகிறார்கள். புதிதாக நான்கு பிளாட். குடியிருப்போர் சங்கத்துப் பெரியவர் அலுவலகம் போய்க் கேட்கிறார். "ஐயா, அது ரொம்பப் பழைய ஃபைல். அழிச்சாச்சு" என்று பணிவாகவே சொல்கிறார்கள். சென்ட் 10 லட்சம் என்று குறைத்து வைத்தாலும் 2 கோடியே 90 லட்சம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு இந்த விலை எந்தப் பதிப்பகத்திலும் கிடைக்காது.

ஆக, கோப்பு சாவது அழிக்கும் நாளில் அல்ல, வகை எழுதும் நாளில். பத்திரிகைகளும் நாமும் எரிகிற புகையைப் பார்த்துத்தான் ஓடுகிறோம். முகப்புத் தாளில் எழுதிய எழுத்து புகைவதில்லை.

மாநிலம்தான் இப்படி, டெல்லி ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே சட்டமே இருக்கிறது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம். மத்திய அரசு ஆவணத்தை விதி மீறி அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1892-க்கு முந்தைய தாள் என்றால், எதற்குமே உதவாத அளவு சிதைந்துவிட்டது என்று தேசிய ஆவணக் காப்பகத் தலைவர் கருதினால் ஒழிய தொடவே கூடாது. விக்டோரியா மகாராணி காலத்துக் காகிதத்துக்கு அவ்வளவு பந்தோபஸ்து. 2013-இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் குடைந்துகொண்டிருந்தபோது, ஒதுக்கீடு சம்பந்தப்பட்ட கோப்புகளே அமைச்சகத்தில் காணவில்லை என்று தெரியவந்தது. அவை 1892-க்குப் பிந்தையவை. அதனால் நேர்ந்த கதியோ என்னவோ.

அந்த 1993-ஆம் ஆண்டுச் சட்டமும் மாநில அரசு அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது. இங்கே கோப்பு தொலைந்தால் முதலில் ஒரு மெமோ. பிறகு விளக்கம். விளக்கம் திருப்தி இல்லை என்றால் 17 ஏ. ரொம்பக் கோபம் வந்தால் 17 பி. அதற்குள் சம்பந்தப்பட்டவர் ஓய்வு பெறுவார். அவர் மேல் நடந்த விசாரணையின் கோப்பு எங்கே என்று கேட்காதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கேட்ட தகவலை அழித்தால் அபராதம் போடலாம் என்று அதன் 20-ஆம் பிரிவு சொல்கிறது. நாளுக்கு 250 ரூபாய், உச்சவரம்பு 25,000. நூறு நாளில் மீட்டர் நின்றுவிடும். நூற்றியோராம் நாளிலிருந்து மறைப்பது இலவசம். அந்த 29 சென்டின் பக்கத்தில் இந்த 25,000-ஐ வைத்துப் பாருங்கள். புரோக்கர் கமிஷனைவிட மலிவு.

ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு பல் இன்னும் ஆடாமல் இருக்கிறது. கோப்பைக் காணோம் என்பது தகவல் மறுப்பதற்கான காரணமே அல்ல. தேட வேண்டும், கிடைக்காவிட்டால் விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் விஸ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் சொல்லிவிட்டது. அழிந்தது வேறு, தொலைந்தது வேறு. அலுவலகம் இந்த இரண்டையும் கலந்து "கிடைக்கப்பெறவில்லை" என்ற ஒரே சொல்லில் சுருட்டி வைத்திருக்கிறது. நம் வேலை அதைப் பிரிப்பது.

அதனால் அடுத்த முறை கோப்பின் நகலை மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கோப்பு எந்தத் தேதியில், என்ன முடிவில் முடிக்கப்பட்டது என்று கேளுங்கள். அழித்துவிட்டோம் என்றால், அழிப்புப் பட்டியலில் அந்தப் பக்கத்தின் நகலையும் ஒப்புதல் தந்த அதிகாரியின் பெயரையும் பதவியையும் கேளுங்கள். பட்டியல் இல்லை என்றால் அழித்ததாகச் சொன்னது பொய். தொலைந்துவிட்டது என்றால், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகலைக் கேளுங்கள். புகார் கொடுக்கவில்லை என்றால் அதை அப்படியே எழுத்தில் தரச் சொல்லுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

பூங்கா விஷயத்துக்கு இன்னொரு கதவும் உண்டு. தானப் பத்திரம் பதிவானது என்றால் அதன் நகல் சார்பதிவாளர் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் இருக்கும். அது நிரந்தரப் பதிவேடு. உள்ளாட்சி அலுவலகம் தன் பங்கைத் தொலைத்துவிட்டது என்பதற்காகப் பத்திரப்பதிவு அலுவலகமும் தொலைத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டு அலுவலகங்கள் ஒத்துப்போவது இந்த நாட்டில் அபூர்வம். சர்வே எண்ணைக் கொடுத்து 1996 தொட்டு வில்லங்கம் போட்டால் பத்திர எண் வந்துவிடும். கணினியில் வராத வருடம் என்றால் கைப்பிரதித் தேடல் கேளுங்கள்.

தகவல் மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். ஒட்டிய பிறகு மனுவையும் தபால் ரசீதையும் நகல் எடுத்து உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் இருக்கும் என்று நம்பாதீர்கள்.