மூக்கைப் பற்றி எழுதாமல் மூக்கைப் பற்றி எழுதுவது எப்படி

கல்யாணப் படங்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை மணப்பெண்ணுக்கு ப்ரூஃப் அனுப்பும்போது, கூடவே ஒரு மெயில் போக வேண்டும். எது எடுப்பாக வந்திருக்கிறது, எதை ஏன் தூக்கிவிட்டோம் என்று அதில் சொல்ல வேண்டும். தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகள் இதை ஒரே வரியில் முடிக்கிறார்கள்: "நல்லா வந்தது மட்டும் அனுப்பியிருக்கேன் மேடம்." மேடத்துக்கு உடனே தோன்றுவது, அப்படியானால் நான் நல்லா வராதது எத்தனை என்பதுதான். புகுந்த வீட்டில் அன்று அவருக்குச் சோறு இறங்காது. பாவம் உங்கள் ஸ்டுடியோவுக்கு.

ஆகவே, மெயிலில் வாடிக்கையாளரின் எந்த உறுப்பின் பெயரும் வரக் கூடாது. மூக்கு, தாடை, கன்னம், கழுத்து எல்லாம் விலக்கு. பழியைத் தூரத்தின் மேல் போடுங்கள், வெளிச்சத்தின் மேல் போடுங்கள், ஷட்டர் விழுந்த நேரத்தின் மேல் போடுங்கள். இவை மூன்றும் திருப்பி மெயில் போடுவதில்லை. இதில் வேடிக்கை, அப்படிப் பழி போட்டால் பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது.

ஒரு வரவேற்பு மேடையை எடுத்துக்கொள்வோம். மொய்க் கவரோடு வரிசை படியிறங்கி வாசல்வரை நிற்கிறது. பின்னால் போக இடமில்லாமல், வைட் லென்ஸை மாட்டிக்கொண்டு பெண்ணின் முகத்துக்கு அரை மீட்டரில் நின்று நாலைந்து படம் எடுத்தீர்கள். கூட்டம் கலைந்தபின் 85 எம்.எம். லென்ஸோடு இரண்டு மீட்டர் தள்ளி நின்று இன்னும் சில. வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரில் பார்த்தால், முதல் வரிசையில் இருப்பவர் இரண்டாம் வரிசையில் இருப்பவருக்குப் பெரியம்மா மகள் மாதிரி இருக்கிறார்.

காரணம் எளிது. மூக்கு நுனி காதைவிடச் சுமார் 12 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. காமிரா மூக்கிலிருந்து 50 சென்டிமீட்டரில் இருந்தால் காது 62-இல் இருக்கும். காதோடு ஒப்பிட்டால் மூக்கு கிட்டத்தட்ட கால் பங்கு பெரிதாகப் பதிவாகும். இரண்டு மீட்டர் தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் நூற்றுக்கு ஆறாகச் சுருங்கிவிடும். லென்ஸ் இதில் நிரபராதி. நீங்கள் நின்ற இடம்தான் குற்றவாளி. தொழிலுக்குள் நாம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் இது. மெயிலில் இப்படிப் போகட்டும்:

"மேடையில் கூட்டமாக இருந்தபோது மிக அருகிலிருந்து எடுத்த படங்களைச் சேர்க்கவில்லை. அவ்வளவு பக்கத்தில் காமிரா யார் முகத்தையும் உள்ளபடி காட்டாது. கூட்டம் குறைந்தபின் தள்ளி நின்று எடுத்தவற்றில் முகம் உங்களுடையதாகவே இருக்கிறது. ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு அவற்றைத்தான் சொல்வேன்."

மூக்கு என்ற சொல் எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்கவும்.

வைட் லென்ஸுக்கு வேறொரு குணம் உண்டு. பன்னிரண்டு பேர் குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்பவரைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். தலை முட்டை போல ஓரம் பார்த்துச் சாய்ந்திருந்தால் அந்த வேலைதான் நடந்திருக்கிறது. ஓரத்தில் நிற்பவர் எப்போதும் பெண்ணின் அத்தைதான். மணமேடையில் அவரை நடுவில் கூப்பிடாததே ஒரு வழக்கு. அதன் மேல் நீங்கள் அவரை அகலமாக்கியும் விட்டீர்கள். அடுத்த கல்யாணத்தில் ஒல்லியான தம்பிமார்களை ஓரத்துக்கு அனுப்புங்கள். இந்தக் கல்யாணத்துக்கு, "ஓரங்களில் காட்சி சற்று விரிந்திருந்ததால்" என்று எழுதுங்கள். காட்சி விரிந்தது, அத்தை விரியவில்லை.

வெளிச்சத்துக்கு வருவோம். பெண் முகத்தை லேசாகத் திருப்பி நிற்கிறார். நம் பக்கம் கன்னம் அகலமாகவும், அந்தப் பக்கம் ஒடுங்கியும் தெரியும். விளக்கு அந்தப் பக்கத்திலிருந்து விழுந்தால் ஒடுங்கிய பக்கம் ஒளிரும், அகலமான பக்கம் நிழலுக்குள் போகும், முகம் மெலிந்து வடிவாகத் தெரியும். அதே விளக்கு நம் பக்கம் வந்துவிட்டால் அகலமான பக்கம் முழுக்கப் பளபளத்து முகம் பூரித்துவிடும். விளக்கை அப்படி நகர்த்தியவர் வீடியோக்காரர். மெயிலில் வீடியோக்காரரைக் குறை சொல்வது தொழிலில் நீண்டகால மரபு. வீடியோவும் உங்கள் ஸ்டுடியோவே என்றால் மட்டும், "விளக்கு இடம் மாறியதால்" என்று செயப்பாட்டுவினைக்கும் செய்வினைக்கும் நடுவில் ஓர் இடம் பார்த்து எழுதிவிடவும்.

நேரத்தின் மேல் போடும் பழிக்கு அறிவியல் துணை உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சனும் பியர்ஸ் பார்ன்ஸும் கூட்டப் படத்தில் ஒருவர்கூடக் கண் மூடாமல் இருக்க எத்தனை படம் எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, 2006-இல் கணிதத்துக்கான இக் நோபல் வாங்கினார்கள். இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் தலைகளை மூன்றால் வகுக்க வேண்டும். மங்கிய வெளிச்சத்தில் இரண்டால். நம் பன்னிரண்டு பேருக்கு மண்டப வெளிச்சத்தில் ஆறு படம். ஆகவே ஆறில் ஐந்தைக் கழிப்பது வீண் செலவு அல்ல, கணக்கு. "கண் இமைத்தவை" என்று பொதுவாக எழுதுங்கள். யார் இமைத்தது என்று எழுதாதீர்கள்.

எடுப்பாக இல்லை என்பதற்காகக் கழிக்கக் கூடாதவையும் உண்டு. தாலி கட்டும் படத்தில் பெண் கண்ணை மூடியிருந்தாலும் இருக்கட்டும். இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. தாத்தா இருக்கும் ஒரே படம் குலுங்கியிருந்தாலும் அனுப்புங்கள்.

இவ்வளவும் செய்தபின், நீங்கள் முதல் பக்கத்துக்குச் சொன்ன படத்தைப் பார்த்து, "இது நானே இல்லை" என்று பதில் வரும். அதே படத்தை அவர் அம்மாவும் தோழிகளும் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம். 1977-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒருவரின் படத்தை நேராகவும் இடவலம் மாற்றியும் காட்டியபோது, அவரவருக்குப் பெரும்பாலும் மாற்றிய படமும், அவரை நெருங்கி அறிந்தவர்களுக்கு நேர்ப்படமும் பிடித்திருந்தது. அவர் தினமும் பார்ப்பது கண்ணாடியில். மற்றவர்கள் பார்ப்பது நேரில். "மாத்திக் குடுங்க அண்ணா" என்று கேட்டால் மாற்றாதீர்கள். இடவலம் திருப்பிய மறுநிமிடம் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறிவிடும். பெண் கவனிக்காவிட்டாலும் பாட்டி கவனிப்பார். "உங்களைத் தினம் பார்க்கிற இரண்டு பேரிடம் காட்டுங்கள், அவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதி ஒதுங்கிக்கொள்வது உத்தமம்.

கடைசியாகக் கோப்பின் பெயர். DSC_4511-க்கு அடுத்து DSC_4519 என்று அனுப்பினீர்களோ, நடுவில் காணாமல் போன ஏழு பேரைத் தேடி மாப்பிள்ளை கிளம்பிவிடுவார். அதுவும் அவர் ஐ.டி.யில் இருந்தால் எக்ஸெல் ஷீட்டோடு வருவார். எக்ஸ்போர்ட் செய்யும்போதே 001, 002 என்று வரிசை போட்டு விடுங்கள். கழித்தவற்றை மட்டும் ஆல்பம் அச்சாகி வரும்வரை அழிக்க வேண்டாம். தேர்ந்தெடுத்த குடும்பப் படத்தில் அத்தை கண்ணை மூடியிருப்பார். ஒட்டவைக்கத் தேவையான திறந்த கண் கழித்த ஐந்தில் ஒன்றில்தான் இருக்கும்.