அன்பு எங்கே உட்காருவார்?

எதிர்வீட்டுப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, துணைநூற்பட்டியல் மட்டும்தான் பாக்கி. ரெண்டு மணி நேர வேலை" என்றாள். மர்பி டவுனில் மெய்ப்புத் திருத்துகிறவன் என்றால் நான் ஒருவன்தான். அதனால் எல்லா ஆய்வேடுகளும் கடைசியில் என் திண்ணைக்குத்தான் வந்து சேரும். அவள் சொன்ன ரெண்டு மணி நேரம் ஒன்பது நாளாயிற்று.

ஆய்வு, கோலார் தங்கவயலிலும் பெங்களூரிலும் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் பரவிய கதை. பட்டியலில் 41 ஆதாரங்கள்: தமிழில் 27, ஆங்கிலத்தில் 13, கன்னடத்தில் ஒன்று. இந்த ஒன்றை அவள் முதலில் என்னிடம் சொல்லவில்லை. வரும்.

எங்கள் பேட்டைக்காரர்களுக்கு வரிசைப் பிரச்சினை புதிதல்ல. நாக்ஸ்பேட்டையாக இருந்தது பொறியாளர் மர்பியின் பெயரை வாங்கிக்கொண்டதில், நகரத்தில் இருந்த இடத்திலேயே இருந்தாலும் அகராதியில் ந-வை விட்டு ம-வுக்கு வீடு மாறிவிட்டோம். பக்கத்து ஏரியை நாங்கள் அல்சூர் என்போம். ஆங்கிலப் பலகையில் அது யு-வில் தொடங்கும், கன்னடப் பெயர் ஹலசூரு. ஒரே ஏரிக்கு மூன்று எழுத்தில் முகவரி.

பெண்ணின் தம்பி கணினி படிக்கிறவன். பெயர்களைப் போட்டு ஒரு வரி நிரல் எழுதி முன்கூட்டியே அடுக்கிக் கொடுத்திருந்தான். அ-வில் நாலு பேர் இப்படி வந்திருந்தார்கள்:

```
>>> for p in sorted(names): print(p)
அன்பு பொன்னோவியம்
அப்பாதுரையார், ஜி.
அயோத்திதாசர், க.
அலாய்சியஸ், ஞான.
```

"நல்லாத்தானே இருக்கு?" என்றாள். எனக்குப் பகீரென்றது. அன்பு முதலில் நிற்கிறார்! நெடுங்கணக்கில் மெய் க-வில் தொடங்கி ல, வ, ழ, ள, ற என்று போய் ன-வில் முடியும். றன்னகரம் கடைசி எழுத்து. அப்படியானால் அப்பாதுரையாரும் அயோத்திதாசரும் அலாய்சியஸும் போன பிறகுதான் அன்பு வரவேண்டும்.

தம்பியைக் கூப்பிட்டேன். அவன் தப்பில்லை என்றான். நிரல் எழுத்தைப் பார்ப்பதில்லையாம், எழுத்துக்கு யூனிகோடு கொடுத்த எண்ணைத்தான் பார்க்குமாம். அந்த எண் வரிசை நம் நெடுங்கணக்கைப் பார்த்துப் போட்டதல்ல. இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் தேவநாகரியை வைத்து ஒரே பந்தித் திட்டம் போட்டு, அந்தந்த எழுத்தை அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதில் ந-வுக்குப் பக்கத்து நாற்காலி ன-வுக்கும், ர-வுக்குப் பக்கத்து நாற்காலி ற-வுக்கும் கிடைத்தது. ழ-வும் ள-வும் வ-வுக்கு முன்னால் வந்துவிட்டன. ஆகவே ன, ப-வை முந்திக்கொண்டது. நிரலைக் குறை சொல்லிப் பயனில்லை, அது சாப்பாட்டு டோக்கன் எண்ணைப் பார்த்து இலை போடுகிறது.

இதற்கு வழி உண்டு. வேர்டிலும் லிப்ரே ஆபிசிலும் வரிசைப்படுத்தும் பெட்டியில் மொழியைத் தமிழ் என்று தேர்ந்தால் தமிழ் முறைப்படியே அடுக்கும். அடுக்கிவிட்டதா என்று பார்க்க முழுப் பட்டியலையும் படிக்க வேண்டாம். அப்பா, அன்பு இரண்டையும் போட்டுப் பார்க்கலாம். அன்பு மேலே வந்தால் எண் வரிசை, கீழே போனால் தமிழ் வரிசை.

அதே எண் கணக்குதான் ஆங்கிலத்தை மொத்தமாக மேலே தூக்கிவைத்திருந்தது. பெரிய ஏ-யின் எண் 65. நம் அகரத்தின் எண் 2949. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு எண்படி அடுக்கினால் ஆங்கில நூல் பதின்மூன்றும் முதலில் வரும், பிறகு தமிழ். தனிப் பட்டியலா, ஒரே பட்டியலா என்று நாம் முடிவு செய்யும் முன்னே கணினி தலைப்பில்லாமல் பிரித்துவிடுகிறது. அகர முதல என்று ஆரம்பித்த ஊரில் பிறந்த நமக்கு 2949-ஆவது இடம்.

பெண்ணின் நெறியாளர் ஒரே பட்டியல்தான் வேண்டும் என்றாராம். தமிழ்ப் பெயர்களை எல்லாம் ரோமன் எழுத்தில் பெயர்த்து, ஆங்கில அகரவரிசையில் கலந்து அடுக்கு என்பது அவர் உத்தரவு. அப்படிச் செய்யும் நடைமுறை உலகத்தில் இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை அதைத்தான் சொல்கிறது. ஒரு சாயங்காலம் செய்து பார்த்தோம். அலாய்சியஸ் முதலில், அடுத்து அன்பு, பிறகு அப்பாதுரையார், கடைசியில் அயோத்திதாசர். எல், என், பி, ஒய். பாவம் அன்பு! தமிழில் கடைசி, நிரலில் முதல், ரோமனில் இரண்டாவது.

அதைவிடப் பெரிய வம்பு அயோத்திதாசரே. ஆங்கிலப் புத்தகங்களில் அவர் பெயர் பெரும்பாலும் ஐ-யில் தொடங்கும், சிலதில் ஏ-யில். நூலகத்தார் ஒலிபெயர்ப்பில் தலையில் கோடும் கூரையுமாக இன்னொரு உருவம்:

```
Iyothee Thass
Ayothidas
Ayōttitācar
```

மூவரும் ஒருவரே என்பது தெரிந்தவனுக்குப் பட்டியலே தேவையில்லை. தெரியாதவன் ஐ-யில் தேடிவிட்டு, இவர் எதுவும் எழுதவில்லை போலிருக்கிறது என்று போய்விடுவான். அவருடைய பத்திரிகையும் லேசுப்பட்டதல்ல. 1907-இல் தொடங்கியபோது அது 'ஒரு பைசாத் தமிழன்', ஒ-வில். அடுத்த ஆண்டே பைசாவைக் கழற்றிவிட்டுத் 'தமிழன்' ஆகி த-வுக்குப் போய்விட்டது. பின்னாளில் அதைக் கோலார் தங்கவயலிலிருந்து நடத்தியவர்தான் மேலே சொன்ன அப்பாதுரையார்.

அலாய்சியஸ் விஷயத்தில் நான் ஒரு மணி நேரம் சிரித்தேன். அவர் பதிப்பித்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது. அதில் அவர் ஞான. அலாய்சியஸ். அதற்கு முந்தைய ஆண்டு இதே இயக்கத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தில் ஜி. அலாய்சியஸ். ஞானத்தை ஆங்கிலத்தில் ஜி போட்டு எழுதுவது நம் வழக்கம். அந்த ஜி-யை யாரும் உச்சரிப்பதில்லை. ஆனாலும் முதலெழுத்து அதுதான். இந்த ஜி-யைப் பார்த்த பெண், கோபால் அலாய்சியஸ் என்று வேறொருவர் இருப்பதாக நினைத்து ஆதாரத்தை இரண்டு ஆளாகப் பிரித்துவைத்திருந்தாள்.

நாலாம் நாள் என் மனைவி காபியோடு வந்து நின்றாள். "ஒரே லிஸ்டா போட்டா என்ன? நம்ம பொண்ணு கல்யாணத்துல மொய் நோட்டு ஒண்ணுதானே வச்சோம்? தமிழ்ல எழுதினவங்க, கன்னடத்துல எழுதினவங்க, இங்கிலீஷ்ல கையெழுத்து மாதிரி கிறுக்கினவங்க எல்லாம் ஒண்ணா இருக்கல?"

இருந்ததுதான். அந்த நோட்டில் யார் எவ்வளவு வைத்தார் என்று தேடத்தான் ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகை வரும்போதும் ராத்திரி பன்னிரண்டு மணி ஆகிறது என்பதை அவளுக்கு நினைவூட்டினேன். மொய் நோட்டு வந்த வரிசை. அதில் தேட முடியாது, நினைவிருந்தால்தான் உண்டு. அவள் காபித் தம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் அந்தத் தேடுதல் என் மண்டையில் தங்கிவிட்டது. பட்டியலுக்கு ஒருவன் எங்கிருந்து வருகிறான்? கட்டுரையின் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரையும் ஆண்டையும் பார்த்துவிட்டு வருகிறான். அந்தப் பெயர் எந்த எழுத்தில் இருந்ததோ, அந்த எழுத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவான்.

பெண்ணின் மூன்றாம் இயலைத் திறந்தேன். ஓரிடத்தில் (ராஜதுரை, கீதா 1998) என்று போட்டிருந்தாள். படிக்கிறவனாகவே மாறி, தமிழ்ப் பகுதியில் ரா-வுக்குப் போனேன். எஸ். வி. ராஜதுரையும் வ. கீதாவும் எழுதிய பெரியார் புத்தகம் இருந்தது. ஆனால் ஆண்டு 1996. 1998 இல்லை. இராஜதுரை என்று எழுதியிருப்பாளோ என்று இ-க்குப் போனேன். ரகரத்தில் சொல் தொடங்காது என்று இலக்கணம் படித்த பிள்ளைகள் அப்படி எழுதுவார்கள். அங்கே ஒரு இராமசாமி மட்டும் தனியாக இருந்தார். பிறகு ஆங்கிலப் பகுதியில் ஆர், அங்கும் இல்லை. கடைசியில் ஜி-யில் கிடைத்தது. தமிழ்ப் புத்தகத்தில் ராஜதுரை முதலில், கீதா அடுத்து. ஆங்கிலப் புத்தகத்தில் கீதா முதலில். எழுத்து மாறியதோடு ஆள் வரிசையும் மாறியிருக்கிறது. இது எந்தக் கணினி வரிசையாலும் வந்த கோளாறல்ல. ஆங்கில நூலுக்குத் தமிழில் மேற்கோள் கொடுத்ததால் வந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தோம். ஆங்கில நூலை அடைப்புக்குறிக்குள்ளும் ஆங்கிலத்திலேயே, அட்டையில் இருக்கும் ஆள் வரிசையிலேயே கொடுப்பது:

```
(Geetha & Rajadurai 1998)
```

அப்படிக் கொடுத்தால் எந்தப் பட்டியலுக்குப் போவது என்று எழுத்தே சொல்லிவிடும். பிறகு இரண்டு பட்டியல் இருப்பதில் யாருக்கும் கஷ்டமில்லை. கட்டுரையில் எல்லாப் பெயரையும் தமிழிலேயே எழுதுவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்திருந்தால் நான் நெறியாளர் கட்சிக்குப் பாதி போயிருப்பேன். ஒரே பட்டியல்தான், ஆனால் ரோமனில் அல்ல, தமிழ்ப் பெயரைத் தலையில் வைத்துத் தமிழ் அகரவரிசையில். இரண்டு பக்கமும் எழுதுகிற அலாய்சியஸ், கீதா, ராஜதுரை மாதிரி ஆட்களுக்குத் தமிழ்ப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம்: 'ஆங்கிலப் பட்டியலிலும் பார்க்க.' ராஜ் கௌதமனை மட்டும் ரா-விலேயே விட்டேன். தம்பி அவரைத் தலைகீழாக்கி 'கௌதமன், ராஜ்' என்று நிரலுக்குக் கொடுத்ததில் அவர் க-வில் போய் நின்றிருந்தார். ராஜ் என்ன இனிஷியலா?

நெறியாளர் முதலில் முறைத்தாராம். பிறகு அந்த மூன்றாம் இயலை வைத்து 1998-ஐ அவரையே தேடச் சொல்லியிருக்கிறாள். அவரும் இ-க்குப் போய்விட்டுத்தான் வந்தாராம். சம்மதித்துவிட்டார்.

எட்டாம் நாள் அவள் மெதுவாக, "மாமா, கோலாரைப் பத்தி ஒரு கன்னட புக் இருக்கு" என்றாள். எங்கே வைப்பது? தமிழோடு சேர்க்க முடியாது. ஆங்கிலத்தோடு சேர்த்தால் அதைவிட வம்பு. யூனிகோட்டில் தமிழுக்கு அடுத்தது தெலுங்கு, அதற்கடுத்தது கன்னடம், ஆகவே தமிழுக்குக் கீழேதான் என்றான் தம்பி. கடைப் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்கவேண்டும் என்று 2024-இல் சட்டம் வந்த ஊர் இது. ஏரிக்கரையில் வள்ளுவர் 18 வருஷம் சாக்குக்குள் நின்றுவிட்டு 2009-இல்தான் வெளியே முகம் காட்டினார். இந்த ஊரில் எது மேலே, எது கீழே என்பதை நான் யூனிகோடிடம் விடத் தயாராக இல்லை.

ஆகவே பட்டியலின் உச்சியில் 'கன்னட நூல்கள்' என்று தடித்த தலைப்பு, அதன் கீழ் ஒரே ஒரு புத்தகம். ஒரு நூலுக்கு எதற்குப் பன்மை என்று மெய்ப்புத் திருத்துகிறவன் உள்ளே முனகினான், அடக்கிவிட்டேன். அடுத்தது 'தமிழ் நூல்கள்'. அ-வில் அப்பாதுரையார், அயோத்திதாசர், அலாய்சியஸ். அவர்களுக்கும் கீழே, ஆ தொடங்குவதற்கு ஒரு வரி முன்னால், அன்பு பொன்னோவியம். அச்சுக்குப் போகுமுன் கடைக்காரப் பையன் கோப்பைத் திறந்து, "சார், இவர் பேரு கீழ இறங்கிடுச்சு, மேல ஏத்திடட்டுமா?" என்று போனில் கேட்டான்.