மொகத்துக்காரரக் கூட்டிட்டு வாங்க

ஏலே பேராண்டி, அந்தப் போனக் கொஞ்சம் கவுத்து வையி. சும்மா ஜாலிக்குன்னு ஒரு வார்த்த வச்சிருக்கீங்களே, அதோட லட்சணத்தச் சொல்லுதேன், கேளு.

பஸ் ஸ்டாண்டு எதுத்தாப்புல ஸ்டூடியோ இருக்குல்லா? அங்க பெஞ்சுல உக்காந்துதான் நான் தெனமும் பேப்பர் படிக்கேன். ஓசிப் பேப்பருதான், ஒனக்கென்ன? அங்க வேல பாக்க பையன் தலைய மாத்துறதுல கெட்டிக்காரன். முழிக்காத. கல்யாண குரூப் போட்டோவுல மாமா கண்ண மூடிட்டாருன்னு வையி, அடுத்த படத்துல தொறந்திருக்க தலைய எடுத்து இதுல வச்சிருவான். செத்துப்போன தாத்தாவுக்குப் பழைய அட்டைப்படம் ஒண்ணுதான் மிச்சம்னா, அதுக்குக் கோட்டு மாட்டிப் பாட்டிக்குப் பக்கத்துல நிறுத்திருவான். கம்ப்யூட்டர் வந்து பொறந்த வித்தையா இது? நெகட்டிவ்ல பென்சிலத் தீட்டிச் சுருக்கத்த அழிச்ச காலம் உண்டு. தலையக் கத்திரிச்சு ஒட்டி, அத மறுபடி போட்டோ புடிச்ச காலமும் உண்டு.

ஒரு நாளு வெள்ளையுஞ் சொள்ளையுமா ஒரு அண்ணாச்சி வந்தாரு. மொதலாளி வெளிய போற வரைக்கும் பிரேமப் பாக்க மாதிரி நின்னாரு. அப்புறம் போன நீட்டுனாரு. எவனோ ஒரு குடிகாரன், சாக்கடையோரம். வேட்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அடுத்த படத்துல அவரு பங்காளி, கல்யாணப் பந்தியில சிரிச்சிட்டு இருக்காரு.

“இந்தத் தலைய அதுல வச்சிரு தம்பி. சும்மா ஜாலிக்குத்தான். குடும்ப குரூப்புல போடணும்.”

ரெண்டு பேருக்கும் வரப்புத் தகராறுன்னு ஊருக்கே தெரியும். கோர்ட்டுல ஆகாதத வாட்சாப்புல முடிக்கப் பாக்காரு, மனுசன்.

“போன்லயே ஒரு நொடியில வருதாமே, அண்ணாச்சி?”ன்னு நான் வாயக் குடுத்தேன்.

“வந்துச்சு பெருசு. மொகம் மெழுகு பொம்ம மாதிரி இருக்கு. ஒரு பய நம்ப மாட்டான்.”

பாத்தியா? ஜாலிக்குன்னா எவனும் எதுக்குலே நம்பணும்?

பையன் நல்ல பிள்ள, மொகத்துல அடிச்ச மாதிரி பேச வராது. “அண்ணாச்சி, இது சேராது. பந்தியில பிளாஷ் நேரா அடிச்சிருக்கு, மூக்குக்குக் கீழ நெழலே இல்ல. அந்தாளு மேல தெருவிளக்கு உச்சியிலருந்து விழுது. கழுத்து ஒரு நெறம், மொகம் ஒரு நெறமாத் தெரியும். பெருசு பண்ணிப் பாத்தா காதோரத்துலயே மாட்டிக்கும்”னான். பொய்யில்ல, அத்தனையும் நெசந்தான். அண்ணாச்சியும் தலைய ஆட்டிட்டுப் போயிட்டாரு. ஆனா எனக்கு அப்பவே சிரிப்பு. முடியாதுன்னு சொல்லாம, இந்தப் படத்துல முடியாதுன்னு சொன்னா அவரு என்ன செய்வாரு?

அதையேதான் செஞ்சாரு. அந்த வாரமே வந்துட்டாரு. பங்காளி ராத்திரி டீக்கடையில தெருவிளக்குக்கு அடியில நிக்கையில ஒளிஞ்சு நின்னு எடுத்த படம்! “நெழலு இப்பச் சரியா இருக்கா தம்பி?” பாடம் சொல்லிக் குடுத்ததே இவந்தானே.

பையன் மவுச விட்டுட்டு எந்திரிச்சு ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டான். “உக்காருங்க அண்ணாச்சி. நெழலு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் செய்ய மாட்டேன். அன்னைக்கே இப்படிச் சொல்லியிருக்கணும். இந்த மொகத்துக்காரரக் கூட்டிட்டு வாங்க. அவரு என் முன்னால சரின்னு சொல்லட்டும், அப்பப் பேசுவோம்.”

“அவன் எப்பிடிலே சொல்லுவான்?”

“அப்ப ஜாலி ஒருத்தருக்குத்தானே, அண்ணாச்சி? கீழ கெடக்காரே, அவரும் யாரு பெத்த பிள்ளையோ.”

அண்ணாச்சி குரல ஏத்துனாரு. ரெண்டு மடங்கு காசு தாரேன்னாரு. பையன் குரல ஏத்தவே இல்ல. “துணியில்லாத படம் இது. ஆபாசம்னு கேசு ஆச்சுன்னா, தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல 67-ம் பிரிவு இருக்கு. படத்த அனுப்புனாலே குத்தம். மொத தடவைக்கே 3 வருசம் வரைக்கும் ஜெயிலு, 5 லட்சம் வரைக்கும் அபராதம். நீங்க குரூப்புல போடுறது அப்புறம். உங்களுக்கு மொதல்ல அனுப்புனது எங்க ஸ்டூடியோ நம்பரா இருக்கும். உங்க போன்லருந்தும் அத அழிச்சிருங்க அண்ணாச்சி, உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்.”

தரும நியாயத்துக்கு அசையாத மீச அஞ்சு லட்சத்துக்கு அசைஞ்சுது. ஒரு சோடா வாங்கிக் குடுத்தோம். வந்தது வந்துட்டோம், சும்மா போனா கவுரவக் கொறச்சல் பாரு? “சரி, பாஸ்போர்ட் சைசுலயாவது ஒண்ணு எடு”ன்னாரு. கோட்டு மாட்டி, சீப்பெடுத்துச் சீவிக்கிட்டு உக்காந்தாரு. எடுத்து முடிச்சதும் மெதுவா அவன் காதுப் பக்கம் குனிஞ்சாரு.

“தம்பி, முன்வழுக்கைய மறைச்சு, கொஞ்சம் செவப்பாக்கிக் குடுக்க முடியுமா?”

“அதுக்கென்ன அண்ணாச்சி, அது உங்க மொகம். ஆனா பாஸ்போர்ட் ஆபீசுக்குன்னா ஆகாது, அசலா இருக்கணும். வீட்டுல மாட்டவா, ஆபீசுக்கா?”

“வீட்டுக்கு”ன்னாரு.